நாய்த்தீனி, தினை, அரிசி, பருப்பு: எலியும் வண்டும் அண்டாமல் வைப்பது எப்படி

எங்கள் வீடு திருச்சியில், கொல்லைப்புறம் உள்ள பழைய வீடு. ஒரு நாட்டு நாய், பின் தாழ்வாரத்துக் கூண்டில் நாலு ஜோடி லவ் பேர்ட்ஸ், அடுப்படியை ஒட்டி ஒரு சின்ன ஸ்டோர் ரூம். விலை குறைகிறதே என்று ஒரு ஆடி மாதம் பத்து கிலோ நாய்த்தீனி மூட்டையும் ஐந்து கிலோ தினையும் ஒன்றாக வாங்கி வைத்தேன். மூன்று வாரத்தில் சாயங்காலமானால் டியூப்லைட்டைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் குட்டி அந்துப்பூச்சிகள் பறந்தன. ஐந்தாவது வாரம் ஸ்டோர் ரூம் கூரை மூலையில் வெள்ளைப் புழுக்கள் ஊர்ந்து போயின. அதற்குள் நாய்த்தீனி மூட்டையின் அடிமூலையில் எட்டணா அளவுக்கு ஒரு ஓட்டை, பக்கத்தில் கறுப்பாக எலிப்புழுக்கை. நான் எலிப்பொறி வாங்கக் கிளம்பினேன். "எலிக்குச் சோத்தைத் திறந்து வச்சிட்டு பொறி வாங்கப் போறியாக்கும்" என்றார் அம்மா. அவர் சொன்னது சரிதான் என்று புரிய எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

அந்த இரண்டு மாதத்தில் என்ன செய்தோம், எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்பதை வரிசையாக எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விஷயம் பிடிபட வேண்டும். எலி வெளியிலிருந்து வருகிறது. வண்டும் அந்தும் பெரும்பாலும் நாம் காசு கொடுத்து வாங்கிய பைக்குள்ளேயே வருகின்றன. எலிக்கு வாசனை போகாமலும் பல் இறங்காமலும் இருக்க வேண்டும். வண்டு விஷயத்தில் உள்ளே இருப்பதைக் கொன்றாக வேண்டும், அதற்குப் பிறகுதான் மூடி. இரண்டையும் ஒரே டப்பாவால் சமாளிக்கலாம் என்று நினைத்ததுதான் என் தப்பு.

முதலில்: வந்திருப்பது யார்?

ஆளைத் தெரியாமல் வேப்பிலை போட்டுப் பயனில்லை. அரிசியில் மூக்கு நீண்ட, எள்ளைவிடச் சின்ன பழுப்பு வண்டு இருந்தால் அது அரிசி வண்டு. அது அரிசி மணியில் குழி தோண்டி உள்ளே முட்டை வைத்து, குழியைப் பசை போன்ற ஒன்றால் அடைத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் மணி முழுசாக, வெள்ளையாகத்தான் தெரியும். உள்ளேயே புழுவாகி, கூட்டுப்புழுவாகி, நம் ஊர்ச் சூட்டில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாகத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அரிசி களையும்போது சில மணிகள் மட்டும் மிதக்கிறதே, அவற்றில் பல இப்படி உள்ளே தின்னப்பட்டவை.

பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை இவற்றில் வருவது பயறு வண்டு. இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு பிடி பயறை வெயிலில் உள்ளங்கையில் வைத்து உற்றுப் பாருங்கள். பயறின் தோலில் உப்புத்தூள் ஒட்டியது போல வெள்ளைப் புள்ளி இருந்து, நகத்தால் சுரண்டினால்தான் வருகிறது என்றால் அது முட்டை. கம்பாஸால் போட்டது போல வட்ட ஓட்டை தெரிந்தால் வண்டு வெளியேறிவிட்டது, பயறு உளுத்துவிட்டது. தோல் நீக்கி உடைத்த பருப்பில் இது அவ்வளவாக வராது, முழுப்பயறில்தான் தொல்லை.

ரவை, கோதுமை மாவு, சத்துமாவில் வருவது செம்பழுப்பில் தட்டையான மாவு வண்டு. முழுமணியை இதால் கடிக்க முடியாது, மாவும் குருணையும்தான் வேண்டும். எண்ணிக்கை கூடினால் மாவுக்கு ஒரு காட்டமான நெடி வரும், நிறமும் லேசாக மாறும். அந்த நிலையில் சலித்து எடுத்துச் சப்பாத்தி போட வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

தினை, கம்பு, ரவை, சில சமயம் நாய்த்தீனியிலும் வருவது அந்து. இதற்கு அடையாளம் நூல். தினைக்குள் விரலை விட்டால் பத்து இருபது மணிகள் சிலந்திவலையில் கோத்தது போலச் சேர்ந்து வரும். பறக்கும் பூச்சி எதையும் தின்பதில்லை, தின்பதெல்லாம் புழுதான். அந்தப் புழு கூடு கட்டும் நேரத்தில் தீனியை விட்டு வெளியே நடந்துவிடும். கூரை மூலை, அலமாரி இடுக்கு, டப்பா மூடியின் மரை எதுவும் அதற்குப் போதும். டப்பாவை மட்டும் சுத்தம் செய்தவர்களுக்கு அந்து ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் இதனால்தான்.

எலிக்கு வருவோம். புழுக்கை அரிசி மணியைவிடச் சின்னதாக, முனை கூர்மையாக இருந்தால் சுண்டெலி. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் பெரிய எலி. பளபளப்பாக, மிருதுவாக இருந்தால் புதுசு. சாம்பல் பூத்து உதிர்ந்தால் பழசு. கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டு சுவரோரம் ஓடும் மூஞ்சூறை எலிக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது பெரும்பாலும் கரப்பானையும் பூச்சியையும் தின்னும்.

எங்கள் வீட்டில் எலி எந்த வழியாக வருகிறது என்று தெரியவில்லை. அம்மா ஒரு வேலை செய்தார். ராத்திரி படுக்கும் முன் சந்தேகப்பட்ட மூன்று இடங்களில் கோலம் போடுவது போலக் கோதுமை மாவை மெல்லிசாகத் தூவிவிட்டார். காலையில் பார்த்தால் ஸ்டோர் ரூம் கதவடியில் ஒன்றுமில்லை, ஜன்னலில் ஒன்றுமில்லை. வாஷ்பேசின் குழாய் சுவருக்குள் போகும் ஓட்டையிலிருந்து நாய்த்தீனி மூட்டை வரைக்கும் சுவரை ஒட்டி நேர்க்கோடாகக் குட்டிப் பாதங்கள், நடுவில் வால் இழுபட்ட கோடு. அந்த ஓட்டையில் என் சுண்டுவிரல்தான் நுழையும். சுண்டெலிக்கு ஆறு மில்லிமீட்டர் இடுக்கு போதும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும்.

இரண்டாவது: கொட்டு, பிரி, துடை

எல்லாவற்றையும் ஒரே நாளில் வெளியே எடுங்கள். பாதி இன்றைக்கு, மீதி அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று தள்ளினால் புழு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்துவிடும். ஆளுக்கொரு முறத்தை எடுத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தோம், காலை எட்டு மணிக்குத் தொடங்கி மத்தியானம் ஆயிற்று.

எலி வாய் வைத்த எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டை விழுந்த மூலையை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தை நாய்க்கு வைக்கலாமே என்று எனக்கும் தோன்றியது, ஆறு கிலோ மிச்சம் இருந்தது. ஆனால் எலி நடக்கும்போதே சிறுநீர் சொட்டிக்கொண்டு போகும், எது நனைந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. எலிக்காய்ச்சல் மனிதர்களுக்கு வருவது போலவே நாய்க்கும் வரும். ஆறு கிலோவும் குப்பைக்குப் போயிற்று.

அந்து வந்த தினையையும் போட்டுவிட்டோம். வண்டு வந்த அரிசியை அப்படிப் போட வேண்டியதில்லை. சலித்து, கிலோ கிலோவாகப் பிரித்து, கீழே சொல்லும் ஃப்ரீசர் முறையில் கொன்று, களைந்து சமைக்கலாம். தூக்கிப் போடுவதை வீட்டுக் குப்பைக் கூடையில் விடாதீர்கள். பையில் கட்டி அன்றைக்கே வெளியேற்றுங்கள்.

எலிப்புழுக்கை கிடந்த இடத்தைக் காய்ந்தபடியே துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, தூசி மூக்குக்குள் போகும். கையுறை போட்டு, பிளீச்சிங் தண்ணீர் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பழைய துணியால் வழித்து எடுங்கள். பிளீச்சிங்கோடு ஆசிட்டையோ வேறு கிளீனரையோ சேர்க்காதீர்கள், விஷவாயு வரும். அலமாரிக்கு வேக்குவம் கிளீனர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பழைய டூத்பிரஷால் ஒவ்வொரு இடுக்கையும், ஆணி ஓட்டையையும், பலகை சேரும் கோட்டையும் சுரண்டி எடுங்கள். எங்கள் அலமாரிக்கு விரித்திருந்த பழைய நியூஸ்பேப்பரைத் தூக்கினால் அடியில் வரிசையாகப் பஞ்சு போன்ற கூடுகள். இப்போது பேப்பர் விரிப்பதையே நிறுத்திவிட்டோம்.

மூன்றாவது: புதிதாக வாங்கியதை முதலில் 'ஜெயிலில்' போடுவது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். கடையிலிருந்து வந்ததை நேராகப் பழைய டப்பாவில் கொட்டக் கூடாது. முட்டை உள்ளே இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

தினை, கம்பு, ரவை, மாவு, பயறு போலக் கொஞ்சமாக வாங்குவதற்கு ஃப்ரீசர்தான் சிறந்தது. ஒரு கிலோ, அரைக் கிலோ பைகளாகப் பிரித்து, காற்றை அமுக்கி வெளியேற்றிக் கட்டி வையுங்கள். பெரிய மூட்டையாக வைத்தால் நடுப்பகுதிக்குக் குளிர் போய்ச் சேரவே இரண்டு நாளாகும். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருந்தால் நாலு நாளில் முட்டை முதல் வண்டு வரை எல்லாம் செத்துவிடும். ஆனால் வீட்டு ஃப்ரீசரை நாம் பத்து தடவை திறக்கிறோம், நடுவில் கரண்டும் போகிறது, ஆகவே நான் ஏழு நாள் வைக்கிறேன். அரை நாள் கரண்ட் இல்லையென்றால் கணக்கை முதலிலிருந்து தொடங்குவேன்.

வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை, அதாவது ஒரு ராத்திரி முழுக்க, கட்டியபடியே கிடக்கட்டும். உடனே பிரித்தால் குளிர்ந்த தானியத்தின் மேல் ஈரம் பூத்து, வண்டு போய்ப் பூஞ்சை வந்து சேரும். நான் முதல் தடவை இதைத்தான் செய்தேன். தினையில் முக்கல் வாடை அடித்தது. பூஞ்சை பிடித்த தானியம் பறவைகளுக்கு ஆபத்து, அதனால் அதையும் தூக்கிப் போட்டோம்.

அரிசிச் சிப்பத்தை ஃப்ரீசரில் வைக்க முடியாது. இருபத்தைந்து கிலோ வரைக்குமான பாக்கெட் அரிசிக்கு 2022 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து பல ஆலைகள் 26 கிலோ மூட்டையாகவே போடுகின்றன, அவ்வளவையும் எங்கே வைப்பது? இதற்கு என் வழி, மூட்டையைப் பிரித்ததும் ஒரு பிடி அரிசியை ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடி, தேதி எழுதி, அடுப்படி ஜன்னலோரம் கண்ணில் படும்படி வைத்துவிடுவது. மூன்று நாலு வாரத்துக்குள் அதில் ஒரு வண்டு நடந்தாலும் மூட்டையிலும் இருக்கிறது என்று அர்த்தம். அப்போதே இறங்கிவிடலாம், டிரம் முழுக்க நெளியும்வரை காத்திருக்க வேண்டாம்.

வெயிலில் காயவைப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் செய்வது அதுதான், எல்லோரும் ஏமாறுவதும் அதில்தான். அரிசியை மொட்டைமாடியில் பரப்பினால் சூடு பொறுக்காமல் வண்டுகள் ஓடிவிடும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். மணிக்குள் இருக்கும் புழுவுக்கு அந்தச் சூடு எட்டுவதில்லை. இரண்டு வாரம் கழித்து அவை வெளியே வந்ததும் "காயவச்சும் வந்துடுச்சே" என்கிறோம். அதற்குள் கடும் வெயில் பட்டு அரிசி விரிசல் விட்டு, சோறு குருணையாகிவிடும். அரிசியை நிழலில் உலர்த்துவதோடு நிறுத்துங்கள்.

பயறுக்கு வெயில் நன்றாக வேலை செய்யும், ஆனால் முறை வேறு. கறுப்பு பாலித்தீன் விரித்து, அதன்மேல் பயறை ஒரு விரல்கடை உயரத்துக்குப் பரப்பி, மேலே கண்ணாடி போன்ற பாலித்தீனால் மூடி, ஓரங்களில் கல் வையுங்கள். சித்திரை வைகாசி உச்சி வெயிலில் உள்ளே கை வைக்க முடியாத சூடு ஏறும், அதில்தான் உள்ளிருக்கும் புழு சாகும். விதைக்கு வைத்திருக்கும் பயறை இப்படிச் செய்வதற்கு முன் கொஞ்சத்தை முளைக்கவிட்டுப் பாருங்கள். சமைக்கிற பயறுக்கு அந்தக் கவலை இல்லை.

ரவையை வறுத்து வைப்பது நம் வீடுகளில் ரொம்ப நாளாக உள்ள பழக்கம். முட்டை செத்துவிடுகிறது, ஈரமும் போகிறது. வறுத்ததை நன்றாக ஆறவிட்ட பிறகுதான் டப்பாவில் போட வேண்டும். ஆனால் வறுத்த ரவையிலும் வெளியிலிருந்து வண்டு புதிதாக வரும். வறுப்பது உள்ளே இருந்ததைத்தான் கொல்லும், காவல் காக்காது.

நாலாவது: டப்பா

எங்கள் ஸ்டோர் ரூமில் இருந்தவை எவர்சில்வர் சம்படங்கள், ஒரு பெரிய தகர அரிசி டிரம், கொஞ்சம் பிளாஸ்டிக் டப்பாக்கள். எவர்சில்வரையும் தகரத்தையும் எலியால் கடிக்க முடியாது. ஆனால் அவற்றின் மூடி இறுக்கமாகத் தெரிந்தாலும் வண்டு நுழையும் அளவுக்கு இடுக்கு இருக்கும். எரியும் டார்ச்சை உள்ளே வைத்து மூடியை மூடி இருட்டில் பாருங்கள், வெளிச்சம் கோடாகத் தெரியும். ரப்பரோ சிலிகானோ வாஷர் வைத்த பிளாஸ்டிக் டப்பாவில் வண்டு நுழையாது, வாசனையும் கசியாது. ஆனால் எலி ஒரு ராத்திரியில் அதன் மூலையைக் கரம்பிவிடும்.

அதனால் இரண்டு அடுக்கு. உள்ளே வாஷர் வைத்த டப்பா அல்லது இறுக்கமாகத் திருகும் பெட் பாட்டில், வெளியே உலோகம். நாங்கள் ஒரு பழைய டிரங்குப் பெட்டியை எடுத்தோம். நாய்த்தீனி டப்பாவும், தினை பாட்டில்களும், பயறு டப்பாக்களும் அதற்குள். வாஷர் போட்ட பெரிய எவர்சில்வர் டின் கிடைத்தால் ஒரு அடுக்கே போதும், ஆனால் விலை அதிகம். பெயிண்ட் வாளியைக் கழுவித் தீனி போட்டு வைக்கிறார்கள் சிலர், அது வேண்டாம்.

அளவுக்கு ஒரு கணக்கு: ஒரு கிலோ அரிசிக்கு ஏறக்குறைய ஒன்றேகால் லிட்டர் இடம் வேண்டும், நாய்த்தீனி காற்றடைத்தது என்பதால் கிலோவுக்கு இரண்டரை லிட்டர் பிடிக்கும். மூன்று கிலோ தீனிப் பைக்கு எட்டு லிட்டர் டப்பா சரியாக இருக்கும்.

பெட் பாட்டில் என்று சொன்னேன் அல்லவா, அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பயறைக் கழுத்துவரை தட்டித் தட்டி நிரப்பி, மூடியை இறுக்கித் திருகிவிட்டால், உள்ளே இருக்கும் வண்டு மிச்சமுள்ள ஆக்சிஜனைச் சுவாசித்துத் தீர்த்துவிட்டு அடங்கிவிடும். ஆப்பிரிக்காவில் கேமரூன் நாட்டுத் தட்டைப்பயறு விவசாயிகளுக்காக 1980களின் பிற்பகுதியில் உருவான மூன்றடுக்குப் பைகளும் இதே வழியில்தான் வேலை செய்கின்றன. பாதி காலியான பாட்டிலிலும், தினம் திறக்கும் டப்பாவிலும் இது நடக்காது. ஆகவே சேமிப்புக்கு ஒன்றும் அன்றாடத்துக்கு ஒன்றுமாகப் பிரித்து வையுங்கள்.

நாய்த்தீனிக்குத் தனியாகச் சில வார்த்தை

நாய்த்தீனியின் மேல் கொழுப்பு பூசியிருக்கும். நாயை இழுப்பதும் எலியை இழுப்பதும் அந்த வாசனைதான். இந்தக் கொழுப்பு காற்றுப் பட்டால் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும், நம் சூட்டில் சீக்கிரமே. அதனால் தீனியைப் பையிலிருந்து கொட்டாமல், பையோடேயே டப்பாவுக்குள் இறக்குங்கள். வாயைச் சுருட்டி கிளிப் போட்டு மூடுங்கள். பை கொழுப்பைத் தாங்குவதற்கென்றே செய்தது. தயாரித்த தேதியும் பேட்ச் எண்ணும் அதில்தான் இருக்கின்றன, நாய்க்கு வயிற்றுப்போக்கு வந்தால் கால்நடை மருத்துவர் கேட்கும் முதல் விஷயங்களில் அதுவும் ஒன்று.

கொட்டித்தான் வைப்பேன் என்றால், ஒவ்வொரு பை தீர்ந்ததும் டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் கவிழ்த்து, துளி ஈரமில்லாமல் காய்ந்த பிறகு அடுத்ததைக் கொட்டுங்கள். டப்பா அடியில் ஒட்டியிருக்கும் பழைய கொழுப்பு புதுத்தீனியையும் கெடுக்கும். பழையதன் மேல் புதியதைக் கொட்டுவது எந்தப் பொருளுக்கும் கூடாது, இதற்கு அறவே கூடாது.

தட்டுதான் எல்லோரும் மறக்கிற இடம். எங்கள் நாய் பாதி தின்றுவிட்டு மீதியை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளும். மூட்டையை இரும்புப் பெட்டியில் வைத்த பிறகும் ஒரு வாரம் எலி வந்தது. சுண்டெலி ஒரு நாளைக்குத் தின்பது மூன்று நாலு கிராம்தான், தட்டில் மிஞ்சிய பத்து உருண்டையே அதற்கு விருந்து. இப்போது இருபது நிமிடம் வைத்துவிட்டுத் தட்டை எடுத்துவிடுகிறோம். எறும்புக்கு, பெரிய தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் சாப்பாட்டுத் தட்டு.

பறவைக் கூண்டு

எங்கள் எட்டுப் பறவைகளுக்கு ஒரு நாளைக்குச் சிந்துவதும் சேர்த்து அறுபது எழுபது கிராம் தினை போகிறது. மாதத்துக்கு இரண்டு கிலோ. நான் வாங்கியது ஐந்து. அந்துவின் ஒரு தலைமுறை ஏறக்குறைய ஒரு மாதம், ஒன்றரை மாதம்; வாங்கிய தினை இரண்டரை மாதம் இருந்தால் அது உள்ளேயே பேரன் பேத்தி எடுத்துவிடும். இப்போது மாதம் இரண்டு கிலோதான். நாய்த்தீனியும் பத்து கிலோவிலிருந்து மூன்று கிலோவுக்கு வந்துவிட்டோம். கிலோவுக்குச் சில ரூபாய் அதிகம்தான், ஆறு கிலோவைக் குப்பையில் கொட்டியதைவிடக் குறைவு.

கூண்டுக்கு அடியில் விழுவது உமி என்று விட்டுவிடுகிறோம். ஒரு தடவை ஊதிப் பாருங்கள், உமி பறந்த பிறகு பாதி தினையாகவே கிடக்கும். கூண்டுக்கு அடியில் தட்டு வைத்து, இருட்டுவதற்கு முன் அதைக் கொட்டிவிடுங்கள். லவ் பேர்ட்ஸ் ராத்திரியில் தின்னாது, அதனால் தீனிக் கிண்ணத்தையும் எடுத்துவிடலாம். காலையில் மறக்காமல் வைத்தால் போதும். கூண்டைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிடுங்கள். எலி சுவரை ஒட்டித்தான் ஓடும், ஏறவும் அதுதான் அதற்கு வழி.

பறவைத் தீனிக்கு அருகில் எந்த மருந்தும் தெளிக்காதீர்கள், நாஃப்தலின் உருண்டையும் வேண்டாம். பறவைகளுக்கு நெடி தாங்காது.

வேப்பிலை, வசம்பு, விளக்கெண்ணெய்

காய்ந்த மிளகாய், வேப்பிலை, வசம்பு, கிராம்பு இவையெல்லாம் புதிதாக வரும் பூச்சியைக் கொஞ்சம் தயங்கவைக்கும். மணிக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. பச்சை வேப்பிலையைப் போட்டு மூடினால் ஈரம்தான் சேரும், போடுவதானால் நிழலில் உலர்த்திப் போடுங்கள். இதை நம்பி மற்றதை விட்டுவிட வேண்டாம் என்பதுதான் என் கருத்து, அம்மாவுக்கு இதில் இன்னும் உடன்பாடில்லை.

விளக்கெண்ணெய் விஷயத்தில் அம்மா பக்கம்தான் நியாயம். ஒரு கிலோ முழுப்பயறுக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெயை உள்ளங்கையில் விட்டுப் புரட்டித் தடவினால், முட்டை பயறில் ஒட்டுவதில்லை, ஒட்டிய முட்டைக்கும் மூச்சு அடைத்துவிடுகிறது. ஃப்ரீசரில் இடமில்லாதவர்கள் பயறுக்கு இதையே செய்யலாம். சமைக்கும் முன் வெந்நீரில் அலசிவிடுங்கள்.

மூட்டைகளுக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். அது காற்றின் ஈரத்தோடு சேர்ந்து விஷவாயுவாகும், தூங்குகிற வீட்டில் உயிர்களே போயிருக்கின்றன. எலி மருந்தும் நாய் உள்ள வீட்டில் வேண்டாம். நாய் அதை நேராகவும் தின்னும், மருந்து தின்று தள்ளாடும் எலியையும் பிடித்துத் தின்னும்.

கடைசி வேலை: வழியை அடைப்பது

தீனியைப் பூட்டிய பிறகுதான் ஓட்டையை அடைத்தோம், பொறியையும் மறுபடி வைத்தோம். இந்த வரிசை முக்கியம். சுற்றிலும் தீனி கிடக்கும்போது பொறியில் வைத்த தேங்காய்ச் சில்லை எந்த எலியும் திரும்பிப் பார்க்காது. பூட்டுவதற்கு முன் அவசரப்பட்டு நான் வைத்த பொறியில் முதல் வாரம் ஒன்றும் விழவில்லை. எல்லாம் பெட்டிக்குள் போன மூன்றாம் நாள், குழாய் ஓட்டைக்குப் பக்கத்தில் சுவரை ஒட்டி வைத்த பொறியில் இரண்டு சுண்டெலி. பெரிய எலியாக இருந்தால் புதுப் பொருளைக் கண்டு ஒதுங்கும். ஆகவே பொறியை இழுத்து வைக்காமல் இரண்டு மூன்று நாள் வெறுமனே தின்னக் கொடுத்துவிட்டு, அப்புறம் இழுத்து வையுங்கள்.

ஓட்டைக்குப் பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரை இறுக்கித் திணித்து, மேலே சிமெண்டு பூசினோம். வெறும் சிமெண்டை ஈரம் காயும் முன் எலி தோண்டிவிடும், தெர்மாகோலும் துணியும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கழிவுநீர்த் துவாரத்துக்குக் கம்பி வலை, கொல்லைக் கதவின் அடியில் தகரப் பட்டை. வலையின் கண் ஆறு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், கொசுவலை வேண்டாம், அதைக் கடித்துவிடும்.

ஒரு வாரம் கழித்து அம்மா மறுபடி மாவு தூவினார். காலையில் மாவு தூவியபடியே கிடந்தது. அடுத்த வாரமும் அப்படியே. அந்துதான் இன்னும் ஒன்றிரண்டு பறந்தது, கூரை மூலையில் தப்பிய கூடுகளிலிருந்து. ஆறு வாரம் வரை அப்படி வரும். நான் துடைப்பத்தோடு ஸ்டூலில் ஏறி மூலைகளை இன்னொரு தடவை வழித்து எடுத்தேன், ஐப்பசி பாதியில் அதுவும் நின்றுவிட்டது. ஜன்னலோரத்து அரிசி பாட்டிலில் மட்டும் இந்த மாதம் ஒரு வண்டு ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. சிப்பத்தைப் பிரித்துப் புடைக்க ஞாயிற்றுக்கிழமை முறத்தோடு உட்கார வேண்டும்.